இடமும் நேரமும் மாறியபின்: இரண்டாம் சுற்று அழைப்பை மறுத்து எழுதுதல்

முதல் சுற்று நேர்காணல் முடிந்து இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கும் நிலையில், வேலை நடக்கும் இடமோ வேலை நேரமோ ஒத்துவராது என்று தெரிந்தால், விண்ணப்பித்தவர் நிறுவனத்துக்கு ஒரு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேல் அதற்குத் தேவையில்லை. ஆனால் அவற்றில் மூன்று செய்திகள் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். அந்த வேலைக்கான தேர்விலிருந்தே அவர் விலகுகிறார் என்பது முதலாவது. காரணம் இடமா நேரமா, எந்த இடம், எத்தனை மணி என்பது இரண்டாவது. என்ன மாறினால் அவரைத் திரும்ப அழைக்கலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வேலை பிடித்திருக்கிறது, ஆளும் பொருத்தமாக இருக்கிறார், தடை தூரமும் கடிகாரமும் மட்டுமே என்னும்போது, அதை எழுதாமல் விடுவதில் இரு தரப்புக்கும் இழப்பு இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் வரும் மறுப்பை நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்தால், அஞ்சலை எப்போது, எப்படி எழுதுவது என்பது தானாகவே விளங்கிவிடும். முதல் சுற்று பெரும்பாலும் எச்.ஆர். பிரிவினர் தொலைபேசியில் கால் மணி, அரை மணி நேரம் பேசுவதோடு முடியும். இரண்டாம் சுற்றில் வேலையை நேரடியாகப் பார்க்கும் மேலாளரும் அந்தத் துறையில் அனுபவமுள்ள இன்னொருவரும் உட்காருவார்கள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் கிடைப்பதே எளிதல்ல. அதைத் தேடிப் பிடித்து நாள் குறிப்பது எச்.ஆர். பிரிவில் அந்த வேலைக்குப் பொறுப்பான ஒருவர். விண்ணப்பித்தவர் ஒரு நாளாவது முன்னதாக விலகினால், அதே மணிக்கு அடுத்த ஆளை அழைத்துவிடலாம். குறித்த நேரம் தாண்டிய பிறகு தெரியவந்தால் மேலாளர் முன் பதில் சொல்ல வேண்டியவர் அந்த எச்.ஆர். ஊழியர்தான். விண்ணப்பங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளிலும் இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு உண்டு: முன்பே சொன்னவர் 'விலகினார்' என்ற கணக்கில் வருவார், சொல்லாமல் இருந்துவிட்டவர் 'வரவில்லை' என்ற கணக்கில் வருவார். அதே நிறுவனத்தில் மறுமுறை விண்ணப்பிக்கும்போது, பெயரைத் தட்டினால் இந்தக் குறிப்பும் தெரியவரலாம்.

எழுதத் தொடங்குவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாறியது யார் பக்கம்? சில நேரம் நிறுவனம் மாற்றியிருக்கும். முதல் சுற்றில் ஓர் அலுவலகத்தைச் சொல்லியிருப்பார்கள், இரண்டாம் சுற்று அழைப்பில் வேறோர் அலுவலகம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்றது ஐந்து நாளும் வர வேண்டும் என்றாகியிருக்கும். பகல் வேலை ஷிப்ட் வேலையாகியிருக்கும். வேறு சில நேரம் விண்ணப்பித்தவரின் நிலை மாறியிருக்கும். வீடு மாறியிருப்பார், வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்திருக்கும், பிள்ளையின் பள்ளி நேரம் மாறியிருக்கும். முதல் வகையில் அஞ்சல் பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் அடுத்தடுத்து வைத்தால் போதும், வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகையில் முன்பு ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து பின்வாங்குவதால் ஒரே ஒரு வருத்தச் சொல் பொருத்தம். இரண்டையும் குழப்பும்போதுதான் அஞ்சல் கெடுகிறது. நிறுவனம் மாற்றியதற்குத் தாம் மன்னிப்புக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், தம் நிலை மாறியதற்கு நிறுவனத்தின் மேல் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சென்னையில் அன்றாடம் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். அம்பத்தூரில் வசிக்கும் ஒரு பெண், கணக்குத் துறையில் ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர், வெளிநாட்டு நிறுவனங்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். ஜூலை மாதம் தொலைபேசியில் முதல் சுற்று நடக்கிறது. அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை என்கிறார்கள். பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மாலை மின்னஞ்சல் வருகிறது. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு இரண்டாம் சுற்று. குழு சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பிரிட்டன் வாடிக்கையாளருக்கான வேலை என்பதால் நேரம் பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை.

இப்படி ஒரு வரி கண்ணில் பட்டதும் சிலர் அந்த நிமிடமே மறுத்துவிடுவார்கள். சிலர் 'போய்ப் பார்ப்போம்' என்று இருந்துவிடுவார்கள். இரண்டும் கணக்குப் பார்க்காத முடிவுகள். பார்க்க வேண்டியது ஷிப்டின் ஒன்பது மணி நேரத்தை மட்டுமல்ல. வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டுத் திரும்ப அதே வாசலுக்கு வரும் வரையிலான நேரத்தை. அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கும் மேல். பொதுப் போக்குவரத்தில் போனால் மின்சார ரயிலில் சென்ட்ரல், பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூர், அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்து என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அப்படியானால் 11.30-க்குப் புறப்பட வேண்டும். இரவில் நிறுவனத்தின் கேப் கொண்டுவந்து விட்டாலும், ஒரே வண்டியில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். வழியில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு நகரின் மறுகோடியில் இருப்பவரிடம் கடைசியாக வரும்போது நள்ளிரவு தாண்டி 12.15 ஆகிவிடலாம். ஒன்பது மணி நேர வேலைக்கு ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியாவில் கடிகாரம் ஆண்டு முழுதும் ஒன்றுதான். பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுத்துவிடுவார்கள். அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை நடக்கும் அலுவலகம், கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை, குளிர்காலத்தில் பிற்பகல் 2.30 முதல் இரவு 11.30 வரை. ஜூலையில் வரும் அழைப்பில் கோடை நேரம்தான் எழுதியிருக்கும். நவம்பரில் அந்தப் பெண் வீடு சேரும்போது மணி 1.15. காலையில் ஆறு மணிக்கு எழுந்து பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டியவருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளர் என்றால் இதே ஒன்பது-ஆறு மணி வேலை கோடையில் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை, குளிர்காலத்தில் இரவு 7.30 முதல் அதிகாலை 4.30 வரை. அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஆகவே அழைப்பில் இருக்கும் மணியோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கோடைக் கணக்கில் தாங்கும் என்று சேர்ந்தவர் குளிர்காலத்தில் விட்டுப் போவது, இரண்டாம் சுற்றுக்கு முன் விலகுவதைவிட எல்லோருக்கும் கடினமான பிரிவு.

கணக்குப் பார்த்தபின் மறுப்பு எழுதும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு. 'ஒத்துவராது' என்பது உறுதியான முடிவா, அல்லது ஏதோ ஒன்று மாறினால் ஒத்துவரும் நிலையா என்று பிரித்தறிய அது உதவும். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் எச்.ஆர். ஊழியரை அழைக்கிறார்.

"சார், சோழிங்கநல்லூர்னு மெயில்ல பார்த்தேன். அம்பத்தூர்லயே உட்கார வாய்ப்பு இருக்கா? இல்லன்னா வாரத்துல ரெண்டு நாள் வீட்லருந்து பார்க்கலாமா?"

"இல்ல மேடம், டீம் முழுக்க அங்க போயிடுச்சு. அஞ்சு நாளும் ஆபீஸ்தான். கேப் நைட் டிராப் மட்டும் உண்டு, பிக்கப் கிடையாது."

"ஷிப்ட் மாறுமா, சார்?"

"அது கிளையன்ட் டைம், மேடம். நம்ம கையில இல்ல."

இரண்டு நிமிடத்தில் முடிவு தெளிவாகிவிட்டது. இடம், நேரம், வீட்டிலிருந்து வேலை என்று மூன்று கதவுகளும் மூடியிருக்கின்றன. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் மறுப்பு எழுதியிருந்தால், 'இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கலாமே' என்று ஒருவேளை பதில் வந்திருக்கும். அப்போது 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மறுப்பையே மாற்ற வேண்டியிருக்கும். கேட்க வேண்டியதை முன்பே கேட்டு முடிப்பதுதான் சரி. மறுப்புக் கடிதத்தைப் பேரம் பேசும் கருவியாக வைத்துக்கொள்வது எதிர்த்தரப்பின் நேரத்தோடு விளையாடுவது. மனத்துக்குள் சம்பளத்தை உயர்த்துவார்கள் என்ற எதிர்பார்ப்போடு 'தூரம் அதிகம்' என்று எழுதுகிறவரிடம், பிக்கப் கேப் தருகிறோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், அவருக்கு வேறு காரணம் தேட வேண்டிவரும்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அஞ்சல் போய்விட வேண்டும். புதன்கிழமை முழுதும் அடுத்த ஆளை அழைக்க அவர்களுக்குக் கிடைக்கும். இந்தத் துறையில் இத்தகைய அஞ்சல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகின்றன. தமிழில் அதன் பொருளும் வரிசையும் இப்படி இருக்கும்:

"வணக்கம். வியாழக்கிழமை காலை 11 மணிக்கான இரண்டாம் சுற்று அழைப்புக்கு நன்றி. இந்தப் பணிக்கான தேர்விலிருந்து விலகிக்கொள்கிறேன். வியாழக்கிழமை நேர்காணலுக்கு வர மாட்டேன்.

முதல் சுற்றில் பேசியபோது பணியிடம் அம்பத்தூர், நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை என்று இருந்தது. இப்போது சோழிங்கநல்லூரில், பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை என்று மாறியிருக்கிறது. அந்த நேரத்துக்கு அம்பத்தூரிலிருந்து தினமும் வந்துபோக என்னால் இயலாது.

அம்பத்தூர், போரூர், கிண்டி பகுதிகளில் இரவு 8 மணிக்குள் முடியும் கணக்குப் பணி வந்தால் தெரிவியுங்கள், விண்ணப்பிக்க விரும்புகிறேன். காலையில் என் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னதற்கு நன்றி."

நன்றிக்கு அடுத்த வாக்கியத்திலேயே விலகல் வந்துவிடுகிறது. எச்.ஆர். பிரிவில் இருப்பவர் ஒரு நாளில் பார்க்கும் அஞ்சல்கள் ஏராளம். அவற்றை அவர் கைபேசியில் முதல் இரண்டு வரி பார்த்தே பிரிக்கிறார். விலகல் நான்காவது வாக்கியத்தில் இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். 'விலகிக்கொள்கிறேன்' என்ற சொல்லும், 'வர மாட்டேன்' என்ற சொல்லும் இரண்டுமே தேவைப்படுகின்றன. 'வியாழக்கிழமை வர இயலாது' என்று மட்டும் எழுதினால், அது நாள் மாற்றக் கேட்பதாகவே படிக்கப்படும். 'வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வசதிப்படுமா?' என்று பதில் வந்தால், அஞ்சலில் அந்தக் குறை இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மறுபடியும் மறுப்பு எழுதும்போது முதல் முறையைவிடக் கூச்சம் அதிகம்.

இரண்டாவது பத்தி இரண்டு உண்மைகளை அருகருகே வைத்துவிட்டு நிற்கிறது. 'நீங்கள் முன்பு சொன்னது வேறு' என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை, ஆனால் படிப்பவருக்கு விவரம் புரிந்துவிடுகிறது. முதல் சுற்றில் பேசியவரும் இப்போது அஞ்சல் அனுப்பியவரும் வெவ்வேறு ஆளாக இருக்கலாம். குழு இடம் மாறியது முன்னவருக்கு அன்று தெரியாமலும் இருந்திருக்கலாம். இந்தப் பத்தியால் நிறுவனத்துக்கும் ஒரு பயன் உண்டு. இடமாற்றத்தால் விண்ணப்பதாரர் விலகினார் என்று மேலாளரிடம் காட்ட எழுத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. அடுத்தவரை அழைக்கும்போது இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடவும் அது தூண்டும்.

பள்ளி வேனும் தூக்கமும் அஞ்சலில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். 'என்னால் இயலாது' என்பதோடு நின்றுவிடுகிறது. வீட்டுச் சூழலை விரித்து எழுதுவது மரியாதை என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறோம்; காரணம் சொல்லாமல் மறுத்தால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் வீட்டு விவரத்தை எழுதியதும் அதற்குத் தீர்வு சொல்ல எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்தாகிவிடுகிறது. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லையா, மேடம்?' என்று கேட்கும் எச்.ஆர். ஊழியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய நிலை மட்டும் விண்ணப்பித்தவருக்கு வந்துவிடுகிறது. மேலும் அந்த அஞ்சல் நிறுவனத்தின் பதிவில் தங்கிவிடும். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு வேலைக்கு அதே நிறுவனத்தில் விண்ணப்பிக்கும்போது, 'குழந்தை காரணமாக விலகியவர்' என்ற குறிப்போடு அவரைப் படிக்க யாருக்கும் வாய்ப்புத் தரத் தேவையில்லை.

மூன்றாவது பத்திதான் இந்த அஞ்சலின் விளைச்சல். 'எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா மறுப்பிலும் இருக்கும். அதைப் படித்து யாரும் எதையும் குறித்துக்கொள்வதில்லை. மூன்று பகுதிகளின் பெயரும் ஒரு மணிக்கணக்கும் இருந்தால் அது குறித்துக்கொள்ளத்தக்கதாகிறது. ஆட்களைத் தேடும்போது எச்.ஆர். பிரிவினர் ஊர், பகுதி, ஷிப்ட் என்ற வரிசையில்தான் சலிக்கிறார்கள். அதே நிறுவனம் கிண்டியில் பகல் வேலைக்கு ஆள் தேடினால், முதல் சுற்றை ஏற்கெனவே தாண்டிய ஒருவர் அவர்கள் கையில் இருக்கிறார்.

இந்தப் பத்தியில் எழுதும் நிபந்தனைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிறுவனம் நாளைக்கே அதை நிறைவேற்றினால் மறுபேச்சின்றிப் போக முடிகிற நிபந்தனையாக அது இருக்க வேண்டும். 'வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து என்றால் வருவேன்' என்று மரியாதைக்காக எழுதிவிட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதும் 'மீதி இரண்டு நாளும் சிரமம்' என்றால், முதலில் சொன்ன காரணத்தையும் சேர்த்து யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பெண் 'இரவு 8 மணி' என்று எழுதியது, அதற்குள் முடிந்தால் ஒன்பதரைக்குள் வீடு சேர முடியும் என்று கணக்கிட்டபின். கிண்டியை எழுதியதும், சோழிங்கநல்லூரை விட்டதும் அதே கணக்கில்தான். எந்த நிபந்தனையும் இல்லை, திரும்பப் போகும் எண்ணமும் இல்லை என்றால் இந்தப் பத்தியையே விட்டுவிடலாம். அதில் தவறில்லை.

விண்ணப்பித்தவரின் நிலை மாறியிருக்கும் வகையில் நடுப்பத்தி மட்டும் மாறும். 'முதல் சுற்றில் பேசியபோது மாலை ஷிப்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அதன்பின் என் சூழல் மாறியதால், மாலை 6 மணிக்குப் பிறகு வேலை பார்க்க இயலாத நிலை. முன்பே சொல்ல முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்.' சூழல் என்ன என்பதை எழுத வேண்டியதில்லை. என்ன நேரம் முடியாது என்பதை எழுதியாக வேண்டும். 'சொந்தக் காரணங்களால்' என்று மட்டும் எழுதும் பழக்கம் இங்கேதான் அதிகம் கெடுதல் செய்கிறது. அதைப் படிப்பவர் சம்பளம் போதவில்லை என்றோ, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றோ ஊகித்துக்கொள்வார். இரண்டுமே உண்மையில்லை என்றாலும் பதிவில் அதுவே இருக்கும். சிலர் இன்னும் ஒரு படி போய், வேறு வேலை கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். கணக்கு, மென்பொருள் போன்ற துறைகளில் எச்.ஆர். ஊழியர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறுகிறவர்கள். இரண்டு மாதம் கழித்து வேறோர் அலுவலகத்தில் அதே ஆள் எதிரில் உட்கார்ந்து, 'புதிய வேலையை விட்டுவிட்டீர்களா?' என்று கேட்கக்கூடும்.

காரணத்தோடு இன்னொரு காரணத்தைச் சேர்ப்பதும் உதவாது. தூரம் மட்டும் போதாதோ என்ற ஐயத்தில் 'சம்பளமும் எதிர்பார்த்த அளவு இல்லை' என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் உண்டு. ஒன்றுக்குத் தீர்வு கிடைத்தால் மற்றது சாக்காகத் தெரியும். ஷிப்ட் அலவன்ஸ் கூட்டித் தருகிறோம் என்று பதில் வந்தால், தூரம் அப்படியே இருக்க, பேச்சு பணத்துக்குத் திரும்பிவிடும். தூரம்தான் தடை என்றால் தூரம் மட்டும் இருக்கட்டும்.

அஞ்சல் எந்த வழியில் போக வேண்டும் என்பதிலும் சற்றுக் கவனம் வேண்டும். அழைப்பு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதுவது மேல். பணியின் பெயரும் குறியீட்டு எண்ணும் தலைப்பில் அப்படியே இருக்கும், எந்த வேலை என்று தேட வேண்டியதில்லை. அழைப்போடு காலண்டர் பதிவும் வந்திருந்தால் அதிலும் மறுப்பைத் தட்டிவிட வேண்டும், ஏனென்றால் நேர்காணல் செய்யும் மேலாளருக்குத் தெரிவது அந்தக் காலண்டர்தான். அதே சமயம் காலண்டரில் மறுப்பைத் தட்டியதோடு நிறுத்திவிடவும் கூடாது. அந்த அறிவிப்பு சில நிறுவனங்களில் யாரும் திறக்காத பொதுப் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. கன்சல்டன்சி மூலம் போனவர் முதலில் கன்சல்டன்சிக்குச் சொல்ல வேண்டும். நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குச் செய்தி தெரிவது நல்லதல்ல. அடுத்த வேலைக்கும் அவர்கள்தான் அனுப்பப்போகிறார்கள். நண்பர் பரிந்துரைத்த வேலை என்றால் அஞ்சல் போகும் முன் அவருக்கு ஒரு போன். மேலாளர் கூப்பிட்டு 'உங்க ஆள் வரலையாமே' என்று கேட்கும்போது அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். நேர்காணல் நாளன்றுதான் முடிவு தெரிந்தது என்றால் மின்னஞ்சலை நம்பக் கூடாது. முதலில் போன் செய்து சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்ப வேண்டும்.

சிறு நிறுவனங்களில் எல்லாமே வாட்ஸ்ஆப்பில் நடக்கிறது. அங்கே தமிழிலேயே எழுதலாம், நீளமும் பாதியாகக் குறையும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு முதலாளியை நேரில் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்வோம். முதலில் பேசியது காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. பிறகு, ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியால் தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு 8.30 வரை இருக்க வேண்டும் என்று தெரியவருகிறது. "வணக்கம்ங்க சார். நாளைக்கு முதலாளியைப் பார்க்க வரச் சொல்லியிருந்தீங்க. இந்த வேலைக்கு என்னால் வர முடியாதுங்க. தினமும் ஒன்றரை ஷிப்ட் என்று இப்போதுதான் தெரிந்தது, மாலை 6 மணிக்கு மேல் இருக்க இயலாது. ஒரு ஷிப்ட் மட்டும் என்று கணக்கு வேலை வந்தால் சொல்லுங்க, வர்றேன். நன்றிங்க." அம்பத்தூர் அஞ்சலில் இருந்த மூன்று செய்திகளும் இதிலும் இருக்கின்றன. பார்த்ததற்கான நீலக் குறி விழவில்லை என்றால் அன்று மாலையே ஒரு போன் செய்துவிட வேண்டும். அனுப்பிய செய்தி மறுநாள் காலையில்தான் படிக்கப்பட்டால், முதலாளி காத்திருந்துவிடுவார்.

அஞ்சலுக்குப் பதில் மூன்று விதமாக வரலாம். பெரும்பாலும் 'தகவலுக்கு நன்றி' என்ற ஒரு வரி வரும், அல்லது எதுவும் வராது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஏதுமில்லை. இரண்டாவது, நிறுவனம் ஒரு மாற்று வழியோடு திரும்பி வருவது. அது மூன்றாவது பத்தியில் எழுதிய நிபந்தனைக்குள் இருந்தால் ஒப்புக்கொண்டு போகலாம். இல்லையென்றால் அதே நிபந்தனையைத் திரும்பச் சொல்லி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். சோழிங்கநல்லூரிலேயே ஷிப்டை மட்டும் காலைக்கு மாற்றித் தருகிறோம் என்று வந்தால், அந்தப் பெண் எழுத வேண்டியது, 'நேரம் பொருந்துகிறது, ஆனால் அம்பத்தூரிலிருந்து தினசரி அவ்வளவு தூரம் என்னால் இயலாது' என்று மட்டும். மூன்றாவது, 'ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்' என்ற வற்புறுத்தல். மாற்ற முடியாத ஒன்றைப் பற்றிப் பேச மேலாளரின் ஒரு மணி நேரத்தையும் தம் அரை நாள் விடுப்பையும் செலவிடுவதற்குப் பொருள் இல்லை. 'இடமும் நேரமும் மாறினால் மட்டும் வருகிறேன், சார்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

சில மாதங்கள் கழித்து அதே நிறுவனத்திலிருந்து வேறொரு வேலைக்கு அழைப்பு வந்தால், அழைப்பவருக்குப் பழைய அஞ்சல் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. எச்.ஆர். ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் அழைப்பிலேயே அலுவலகம் எந்தப் பகுதி, ஷிப்ட் எத்தனை மணி, குளிர்காலத்தில் எத்தனை மணி, கேப் ஒரு வழியா இரு வழியா, வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பச் சொல்லிவிட்டால், இரண்டாம் சுற்று வரைக்கும் போய்த் திரும்பும் நிலை மறுமுறை வராது.